8-ஆம் வகுப்பு நிலவரிப் பாடம்: ஆர்கனைசர் கொடுத்தால் மனப்பாடம் குறையுமா?

மேலூர்_டீச்சர்

வணக்கம். மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 8-ஆம் வகுப்பில் ஆங்கிலேயர் கால நிலவரிப் பாடம் வருகிறது இல்லையா? நிலையான நிலவரித் திட்டம், இரயத்துவாரி, மகல்வாரி என்று மூன்று. வருஷா வருஷம் இதில் ஒரே கதைதான். "நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர் யார்?" என்று கேட்டால் வகுப்பே "காரன்வாலிஸ், 1793" என்று கத்தும். இரயத்துவாரிக்கு "தாமஸ் மன்றோ, 1820". தப்பே இருக்காது.

ஆனால் போன வாரம் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "மழை பொய்த்துவிட்டது. ஜமீன் ஊரில் ஒரு விவசாயி, இரயத்துவாரி ஊரில் ஒரு விவசாயி. யார் யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? கட்டாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?" ஒருவருக்கும் பேச்சில்லை. நன்றாகப் படிக்கிற ஒரு பையன் மட்டும், "நிலையான வரி என்பதால் ஜமீன் ஊர் விவசாயிக்கு வரி ஏறாது, அவருக்குத்தான் லாபம்" என்றான். அது நடந்ததற்கு நேர் எதிர்.

பயிற்சிக் கூட்டத்தில் "அட்வான்ஸ் ஆர்கனைசர் கொடுங்கள், முன்னறிவோடு இணையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பாடத்தைத் தொடங்கும்போது காரன்வாலிஸ் யார், ஏன் வந்தார் என்று கதையாகச் சொல்வேன். "இன்று மூன்று முறைகளைப் பார்க்கப் போகிறோம்" என்று பலகையிலும் எழுதிவிடுவேன். இதுதான் ஆர்கனைசரா? இல்லை, வேறா?

பி.எட்_இரண்டாம்_வருஷம்

டீச்சர், நீங்கள் செய்வதே ஆர்கனைசர்தான். டேவிட் ஆசுபெல் 1960-இல் சொன்னது. பாடத்துக்கு முன்னால் கொடுக்கிற எதுவும் அதில் சேரும். பாடச் சுருக்கம், மன வரைபடம், சார்ட், தூண்டும் கேள்வி எல்லாமே. மூன்று முறைகளையும் ஒரு மன வரைபடமாகப் போட்டு, ஆண்டு, கொண்டுவந்தவர், பகுதி என்று கிளை விட்டுக் காட்டிவிட்டுத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும். என் கற்பித்தல் பயிற்சியில் செய்தேன், வகுப்பு கலகலப்பாக இருந்தது.

பழைய_விரிவுரையாளர்

தம்பி, பாடத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது சரி. ஆனால் முன்னால் வருவதெல்லாம் ஆர்கனைசர் ஆகாது. ஆசுபெல் 1960-இல் செய்த சோதனையே இதைப் பிரித்துக் காட்டத்தான்.

இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களிடம், அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பாடத்தைக் கொடுத்தார். கார்பன் எஃகின் தன்மைகள் பற்றி, 2,500 வார்த்தை அளவில் ஒரு கட்டுரை. அதைப் படிக்கும் முன் ஒரு குழுவுக்கு 500 வார்த்தை அளவில் ஒரு முன்னுரை கொடுத்தார். அதில் எஃகின் விவரங்கள் இல்லை. உலோகம், கலப்பு உலோகம், இரண்டுக்கும் ஒற்றுமை என்ன, வேற்றுமை என்ன, ஏன் கலக்கிறோம் என்ற பொதுவான கருத்துகள்தான் இருந்தன. இன்னொரு குழுவுக்கும் அதே நீளத்தில் ஒரு முன்னுரை உண்டு. அது இரும்பும் எஃகும் தயாரித்த முறைகளின் வரலாறு. மூன்று நாள் கழித்துத் தேர்வு வைத்தபோது, முதல் குழு கொஞ்சம் கூடுதலாக வாங்கியது.

கவனியுங்கள், வரலாற்று முன்னுரையும் பாடத்துக்கு முன்னால்தான் வந்தது, சுவாரசியமாகவும் இருந்திருக்கும். ஆனால் பாடத்தில் வரப்போகும் விவரங்கள் வந்து உட்கார அது இடம் போட்டுத் தரவில்லை. டீச்சர் சொல்லும் காரன்வாலிஸ் கதை அந்த இரண்டாவது முன்னுரையைப் போன்றது. தம்பி சொல்லும் மன வரைபடம் பாடத்தின் சுருக்கம். பாடம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில்தான் அதுவும் இருக்கிறது. ஆர்கனைசர் ஒரு படி மேலே இருக்க வேண்டும். பாடத்தின் மூன்று முறைகளும் எந்தப் பெரிய கருத்துக்குள் அடங்குகின்றனவோ, அந்தக் கருத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அதனால் டீச்சர், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நிலம், வரி, குத்தகை பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்டு எழுதிப் போடுங்கள். அது தெரியாமல் எதை எதோடு இணைப்பது?

திருமங்கலம்_அப்பா

என் மகளும் 8-ஆம் வகுப்புதான். அட்வான்ஸாகச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. மே மாதமே டியூஷனில் அடுத்த வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். பீஸும் தனி. ஜூனில் பள்ளி திறந்தால் "இது எனக்குத் தெரியும்" என்று வகுப்பில் கவனிப்பதில்லை. அரையாண்டுக்குள் எல்லாம் மறந்துவிடுகிறது. இதை ஆசிரியர்களே ஊக்குவிக்கலாமா?

பழைய_விரிவுரையாளர்

ஐயா, உங்கள் வருத்தம் நியாயம், ஆனால் இது அந்த விஷயம் இல்லை. நீங்கள் சொல்வது பாடத்தையே முன்கூட்டி நடத்துவது. நாங்கள் பேசுவது அதே வகுப்பில், அதே பீரியடில், பாடம் தொடங்கும் முன் ஐந்து பத்து நிமிடம் சொல்லும் ஒரு முகப்பு. ஆனால் "தெரியும்" என்று சொல்லிவிட்டு மறக்கிறாள் என்றீர்களே, அது இதோடு தொடர்புள்ளதுதான். எதோடும் ஒட்டாமல் மனப்பாடம் செய்தது அப்படித்தான் உதிரும். டியூஷனில் என்ன படித்தாள் என்று கேட்காமல், படித்ததை வைத்துப் புதிதாக ஒரு கணக்கோ கேள்வியோ கொடுத்துப் பாருங்கள். ஒட்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மேலூர்_டீச்சர்

கேட்டேன் சார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தெரிந்திருக்கிறது.

நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் குத்தகை, வாரம் இரண்டும் தெரியும். "குத்தகைன்னா விளைஞ்சாலும் விளையலைன்னாலும் பேசுன மூட்டையைக் கொடுத்தரணும் டீச்சர். வாரம்னா விளைஞ்சதுல பங்கு" என்று ஒரு பெண் பளிச்சென்று சொன்னாள். பட்டா என்றால் நிலம் யார் பேரில் என்று காட்டும் தாள், பேங்க்கில் கடன் கேட்டால் கேட்பார்கள், இ-சேவையில் எடுக்கலாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் கால்வாசிப் பிள்ளைகளுக்கு நிலம் என்ற பேச்சே வீட்டில் இல்லை. அப்பா கடையிலோ கட்டட வேலையிலோ இருப்பார். அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வரி என்றால் எல்லாருக்கும் வீட்டு வரி, தண்ணீர் வரி அளவில் தெரிகிறது. நிலவரி யாரும் கேள்விப்பட்டதில்லை.

பழைய_விரிவுரையாளர்

அருமை. அந்தப் பெண் சொன்ன ஒரு வரியிலேயே பாதி ஆர்கனைசர் இருக்கிறது. விளையாத வருஷத்தின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வித்தியாசம். மூன்று நிலவரி முறைகளுக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது.

நான் இருந்தால் இப்படித் தொடங்குவேன். அப்படியே வாசிக்க வேண்டாம், உங்கள் பேச்சில் சொல்லுங்கள்:

"நிலத்தில் விளைவதில் உழுகிறவருக்கு ஒரு பங்கு, வேறொருவருக்கு ஒரு பங்கு போகிறது. அந்த ஏற்பாடு எதுவானாலும் மூன்று கேள்வி கேட்கலாம். ஒன்று, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, நடுவில் யாராவது இருக்கிறார்களா? இரண்டு, தொகை முன்கூட்டியே நிர்ணயித்ததா, மாறக்கூடியதா? நிர்ணயித்தது என்றால் யாருக்கும் யாருக்கும் இடையில்? மூன்று, கட்ட முடியாவிட்டால் யார் எதை இழக்கிறார்? குத்தகைக்கு இந்த மூன்றையும் கேட்டுப் பார்ப்போம். வாரத்துக்கும் கேட்போம். அப்புறம், குத்தகை நிலத்துச் சொந்தக்காரருக்குப் போகிறது. இன்று படிக்கப் போவது சர்க்காருக்குப் போகும் பணம். அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது."

இதில் காரன்வாலிஸ் இல்லை, மன்றோ இல்லை, ஜமீன்தார் என்ற பெயர்கூட இல்லை. அவர்கள் பாடத்தில் வரட்டும். குத்தகைக்கும் வாரத்துக்கும் பிள்ளைகளே பதில் சொல்லி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

இப்போது உங்கள் பையன் சொன்ன தப்பான பதிலுக்கு வருவோம். 1793-இல் வங்காளத்தில் தொகையை நிரந்தரமாக நிர்ணயித்தது கம்பெனிக்கும் ஜமீன்தாருக்கும் இடையில். வசூலில் 11-இல் 10 பங்கு கம்பெனிக்கு, 1 பங்கு ஜமீன்தாருக்கு என்ற கணக்கில் அதை வகுத்தார்கள். ஜமீன்தாருக்கும் உழுகிறவருக்கும் இடையில் அப்படி எதுவும் இறுகக் கட்டவில்லை. அங்கே ஜமீன்தார் கூட்டிக்கொண்டே போகலாம். குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் கம்பெனிக்குக் கட்டாவிட்டால் ஜமீனையே ஏலம் விடுவார்கள். அந்தப் பயத்தில் கீழே நெருக்குவார். உங்கள் பையன் "நிலையான" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். "யாருக்கும் யாருக்கும் இடையில்?" என்ற கேள்வி கையில் இருந்தால் அந்தச் சொல் அவனை ஏமாற்றாது. ஆர்கனைசர் எழுதும்போது இதைத்தான் முதலில் தேட வேண்டும். பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்குகிறார்கள், அந்த இடத்தில் எந்தப் பொதுக் கேள்வி அவர்களைப் பிடித்து நிறுத்தும்?

இரயத்துவாரிக்கு அதே கேள்விகள். நடுவில் ஆள் இல்லை, சர்க்கார் நேராக ரயத்திடம், அதாவது விவசாயியிடம் வாங்குகிறது. தொகை நிரந்தரம் இல்லை, சாதாரணமாக 30 வருஷத்துக்கு ஒரு முறை திருத்துவார்கள். கட்டாவிட்டால் ரயத்தின் நிலமே ஜப்தி. மழை பொய்த்தால் வஜா, அதாவது வரித் தள்ளுபடி கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் சர்க்கார் கையில். உங்கள் பக்கத்துக்கு இது இன்னும் நெருக்கம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஜமீன், மேலூர்ப் பக்கம் பெரும்பாலும் இரயத்துவாரி. ஒரு பிள்ளையின் அம்மா ஊரும் அப்பா ஊரும் இரண்டு முறைகளில் இருந்திருக்கலாம்.

உசிலை_கணக்கு

நான் கணக்கு ஆசிரியர். சார் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1975-இல் பார்ன்ஸ், கிளாசன் இருவரும் அதுவரை வந்த 32 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். 12-இல் உதவியது, 20-இல் உதவவில்லை. இவ்வளவுதான். பத்து நிமிடம் இதற்குச் செலவழிப்பதைவிட, அடிக்கடி சின்னத் தேர்வு வைத்து நினைவிலிருந்து எழுத வைத்தால் பலன் நிச்சயம். சிலபஸ் முடிக்க எங்கே நேரம்?

பழைய_விரிவுரையாளர்

அந்த 32 பற்றி நீங்கள் சொன்னது சரி. 1980-இல் லூயிட்டன் குழுவினர் 135 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் சராசரிப் பலன் சிறியதாகத்தான் வந்தது. மந்திரக்கோல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த 32-க்குள் என்ன இருந்தது? ஒவ்வொருவர் ஆர்கனைசரும் ஒவ்வொரு மாதிரி. சிலது வெறும் சுருக்கம். சிலதில் பாடமே ஏற்கனவே நன்றாக அடுக்கி எழுதப்பட்டிருந்தது, அங்கே கூடுதலாகச் செய்ய எதுவும் இல்லை. பல தேர்வுகள் வரிக்கு வரி ஞாபகத்தை மட்டும் கேட்டன. 1979-இல் ரிச்சர்ட் மேயர் இதை அலசினார். பாடம் பிள்ளைக்கு அந்நியமாக இருந்து, தானாக இணைக்கத் தெரியாத நிலையில் ஆர்கனைசர் உதவுகிறது. படித்ததைப் புது இடத்தில் பயன்படுத்தச் சொல்லும் கேள்வியில்தான் அந்த உதவி தெரிகிறது. ஆண்டையும் பெயரையும் கேட்டால் தெரியாது. டீச்சரின் பிரச்சினையும் அதுதானே? ஆண்டும் பெயரும் அவர்களுக்கு வருகிறது, மழை பொய்த்த கேள்விதான் வரவில்லை.

சின்னத் தேர்வுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் "காரன்வாலிஸ், 1793" என்பதையே திரும்பத் திரும்ப எழுத வைத்தால் அதுதான் இறுகும்.

பி.எட்_இரண்டாம்_வருஷம்

சார், இன்னொன்று. பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் 1972 சோதனை பாடத்தில் வந்தது. துணி துவைப்பதைப் பற்றி ஒரு பத்தி, ஆனால் துணி என்ற சொல்லே வராது. தலைப்பு சொல்லாமல் படித்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னாலேயே தலைப்பு சொன்னவர்களுக்குப் புரிந்தது, ஞாபகமும் இருந்தது. படித்து முடித்த பிறகு தலைப்பு சொன்னால் பலனில்லை. அதனால் முன்னால் சொல்வதுதான் முக்கியம் என்று நான் சொன்னது முழுக்கத் தவறில்லையே?

பழைய_விரிவுரையாளர்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். முன்னால் வர வேண்டும் என்பதற்கு அது வலுவான சாட்சி. ஆனால் அந்தத் தலைப்பு எதைத் தட்டி எழுப்பியது? துணி துவைப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தது உள்ளே இருந்ததால் ஒரு தலைப்பே போதுமாக இருந்தது. "மகல்வாரி" என்ற தலைப்பைப் பலகையில் எழுதினால் எதுவும் எழாது. அங்கே என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மேலூர்_டீச்சர்

செய்து பார்த்தேன். இரண்டு பிரிவு இருப்பதால் ஏ பிரிவுக்குச் சார் சொன்ன மூன்று கேள்விகள், பி பிரிவுக்கு அதே நேரம் காரன்வாலிஸ் கதை. பாடம், கரும்பலகைக் குறிப்பு எல்லாம் ஒன்றுதான். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் தேர்வு வைத்தேன்.

ஆண்டு, பெயர் கேள்விகளில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. மழை பொய்த்த கேள்வியில் நன்றாகவே தெரிந்தது. பி பிரிவில் பெரும்பாலோர் புத்தக வரிகளை அப்படியே இறக்கியிருந்தார்கள். ஏ பிரிவில் ஒரு பையன் எழுதியது: "ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்டுவது மாறாது. அதனால் மழை இல்லைன்னாலும் அவர் விடமாட்டார். விவசாயியிடம் கேட்பார். விவசாயி கட்டாவிட்டால் ஜமீன்தாரும் ஜமீனை இழப்பார்." இது புத்தகத்தில் எங்கும் இல்லை.

ஆனால் ஏ பிரிவில் ஒரு புதுத் தப்பும் முளைத்திருக்கிறது. சிலர், "இரயத்துவாரியில் சர்க்கார்தான் நிலத்துச் சொந்தக்காரர், விவசாயி குத்தகைக்காரர், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். பி பிரிவில் ஒருவரும் இப்படி எழுதவில்லை. குத்தகையிலிருந்து தொடங்கியதால் வந்தது இது. நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

உசிலை_கணக்கு

பார்த்தீர்களா? ஒரு தப்பைத் துடைத்து இன்னொன்றை வைத்துவிட்டது. இரண்டு பிரிவும் ஒரே தரமா என்பதும் தெரியாது. ஏ பிரிவில் எப்போதுமே கொஞ்சம் சுட்டிகள் இருப்பார்கள்.

பழைய_விரிவுரையாளர்

பிரிவுகளின் தரம் பற்றிச் சொன்னது நியாயம். அடுத்த பாடத்தில் மாற்றிச் செய்யட்டும், பி-க்கு ஆர்கனைசர், ஏ-க்குக் கதை.

குத்தகைத் தப்பு எதிர்பார்க்கக்கூடியதே. தெரிந்த ஒன்றோடு இணைத்தால் அதில் உள்ள வேண்டாததும் சேர்ந்து வரும். ஒற்றுமையைச் சொல்லும் அளவுக்கு, எங்கே ஒற்றுமை நின்றுபோகிறது என்பதையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். ஆசுபெலும் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1961-இல் பௌத்தம் பற்றிய பாடத்தை அமெரிக்க மாணவர்களுக்குக் கொடுத்தபோது, கிறித்தவத்தோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களையும் முன்னுரையிலேயே சொன்னார்கள். உங்கள் வகுப்பில் பட்டாவை அதற்குப் பயன்படுத்துங்கள். "குத்தகைக்காரர் பேரில் பட்டா இருக்குமா? ரயத்தின் நிலம் யார் பேரில் கணக்கில் இருந்தது? அவர் விற்க முடியுமா?" ரயத் விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். வரி கட்டும் வரை வெளியேற்ற முடியாது. பிள்ளைகளே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சர்க்கார் வாங்கியது வரியா, நிலச் சொந்தக்காரர் வாங்கும் வாடகையா என்று அந்தக் காலத்தில் அதிகாரிகளே சண்டை போட்டுக்கொண்டார்கள். உங்கள் பிள்ளைகளின் தப்பு முட்டாள்தனமான தப்பு இல்லை.

திருமங்கலம்_அப்பா

நிலம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் வாரச்சந்தை வசூலை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் ஒரு தொகையைக் கட்டிவிட்டு, தரைக்கடைக்காரர்களிடம் அவர் வசூலிப்பார். சைக்கிள் ஸ்டாண்டும் அப்படித்தான். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கட்டிய தொகை கட்டியதுதான். அதனால் கடைக்காரரிடம் விடாப்பிடியாக வாங்குவார். இது ஜமீன்தார் மாதிரி இல்லையா? கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும்.

மேலூர்_டீச்சர்

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை! முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் அப்படியே பொருந்துகிறது. சந்தை ஏலம் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஜமீன் பரம்பரை. அந்த வித்தியாசத்தையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். பி பிரிவில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம், அங்கே இதை வைத்துத் தொடங்கப் போகிறேன்.

மகல்வாரிதான் இடிக்கிறது. 1822-இல் ஹோல்ட் மெக்கன்சி வடக்கே கொண்டுவந்தது, கிராமமே சேர்ந்து பொறுப்பேற்று வரி கட்டுவது. எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கு ஈடாக என்ன தெரியும்? கண்மாய் மீன் ஏலப் பணம் ஊர்ப் பொதுவுக்குப் போகும். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, ஊர் சேர்ந்து ஒரு தொகை திரட்டுவார்கள். தலைக்கட்டு வரி சரியாக வருமா சார்?

பழைய_விரிவுரையாளர்

தலைக்கட்டு வரி கிட்டத்தட்ட வரும். ஊருக்கு ஒரு தொகை, உள்ளுக்குள் வீட்டு வாரியாகப் பிரிப்பது, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் ஏறுவது. ஆனால் திருவிழா வரி எல்லா வீட்டுக்கும் சமம், மகல்வாரியில் நிலத்துக்குத் தகுந்தபடி. திருவிழா வரி வெளியே யாரும் ஊர்மேல் விதித்த தொகையும் இல்லை. இந்த இரண்டு இடத்திலும் பிள்ளைகள் வழுக்குவார்கள் என்று நினைக்கிறேன். எழுத வைத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

உசிலை_கணக்கு

பிரிவை மாற்றிச் செய்யும்போது ஆர்கனைசர் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் கழித்தும் அதே வகைக் கேள்வி ஒன்று வையுங்கள் டீச்சர். ஒரு வாரத்தில் நிற்பது எல்லாம் ஒரு மாதத்தில் நிற்காது. மூன்று கேள்விகளையும் பிள்ளைகள் நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிறார்களா என்பதும் அப்போது தெரியும். விடைத்தாள்களை, பெயரை மறைத்து, இங்கே போடுங்கள். எந்தப் பிரிவு என்று சொல்லாமல் போட்டால் நானே திருத்தித் தருகிறேன்.